முதல் சாமக் கனவும் விடியற்காலைக் கனவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விடியற்காலையில் கண்ட கனவு பலிக்கும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். முதல் சாமத்தில் வரும் கனவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இதில் ஏதாவது உண்மை உண்டா?

பலிக்கும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஆனால் இரவின் முன்பகுதியில் வரும் கனவும் பின்பகுதியில் வரும் கனவும் வேறு வேறு ரகம் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கவனித்தது சரியான கவனிப்புதான்.

நாம் தூங்கும்போது மூளை ஒரே மாதிரி கிடப்பதில்லை. லேசான தூக்கம், நடுத்தரத் தூக்கம், ஆழ்தூக்கம், அப்புறம் ரெம் தூக்கம் என்று ஒரு சுற்று. சுற்று ஒன்றுக்குச் சுமார் 90 நிமிடம் ஆகும்; ஒரு இரவில் நான்கைந்து சுற்றுகள் வரும். ரெம் என்பது மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் நிலை. எல்லாச் சுற்றும் ஒரே அளவில் பங்கு போடப்படுவதில்லை என்பதுதான் இங்கே முக்கியம். படுத்த முதல் மூன்று மணி நேரத்தில் ஆழ்தூக்கம் நிறைய, ரெம் சில நிமிடங்கள்தான். விடியலை நெருங்க நெருங்க ஆழ்தூக்கம் ஏறக்குறைய காணாமல் போய்விடும், ரெம் அரை மணி நேரம்கூட நீளும். ஒன்பதரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவருக்கு மூன்று மணிக்குப் பிறகுதான் ரெம் தூக்கத்தின் பெரும்பங்கு கிடைக்கிறது.

ஆகவே விடியற்காலைக் கனவு நீளமாக, நிறைய ஆட்களோடு, கதையாக வருகிறது. அதிலிருந்து நேராக விழித்துவிடுவதால் ஞாபகத்திலும் நிற்கிறது. நினைவில் தங்கிய கனவுதானே பிறகு நடப்பதோடு பொருந்துவதற்கு வாய்ப்புள்ள கனவு? முதல் சாமத்தில் கண்டது மறந்தே போயிருக்கும், அதைப் பொருத்திப் பார்க்க ஆளில்லை. நம்பிக்கை பிறந்த வழி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆழ்ந்து தூங்கும்போது கனவே வராது என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்?

பல காலம் ஆராய்ச்சியாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் தூங்குகிறவர்களின் கண் அசையும் நேரத்தில் எழுப்பிக் கேட்டார்கள். பெரும்பாலும் கனவு கிடைத்தது. கண் அசையாத நேரத்தில் எழுப்பினால் பெரும்பாலும் ஒன்றுமில்லை என்றார்கள். ரெம் என்றால் கனவு, மற்றது வெறும் தூக்கம் என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

1962இல் உளவியலாளர் டேவிட் ஃபோல்க்ஸ் கேள்வியை மாற்றினார். “கனவு கண்டீர்களா?” என்று கேட்காமல், “எழுப்புவதற்கு முன் மனசில் என்ன ஓடிக்கொண்டிருந்தது?” என்று கேட்டார். ரெம் அல்லாத தூக்கத்தில் எழுப்பப்பட்டவர்களிலும் பாதிக்கு மேல் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். அவர்கள் அதைக் கனவு என்றே எண்ணாததால் முன்பு சொல்லாமல் விட்டிருந்தார்கள். பிற்காலத்தில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ரெம் தூக்கத்திலிருந்து எழுப்பினால் சுமார் 80 சதவீதமும், மற்ற நிலைகளிலிருந்து எழுப்பினால் சுமார் 40 சதவீதமும் ஏதாவது நினைவு கிடைக்கிறது என்று தெரிந்தது.

வீட்டிலும் இதைச் செய்து பார்க்கலாம். யாராவது தூக்கத்தில் புரண்டு விழித்தால், “என்ன கனா கண்ட?” என்று கேட்காதீர்கள். “மனசுல என்ன ஓடிக்கிட்டிருந்துச்சு?” என்று கேளுங்கள். பதில் மாறும்.

ரெண்டுக்கும் என்னதான் வித்தியாசம்? ஏன் அப்படி வருகிறது?

ஆழ்தூக்கத்தில் எழுப்பினால் கிடைப்பது பெரும்பாலும் ஒரு துண்டு. “ஏதோ கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன்” என்பார்கள். அல்லது அசையாத ஒரு படம், அல்லது ஒரே நினைப்பு திரும்பத் திரும்ப. ரெம் தூக்கத்தில் எழுப்பினால் கதை வரும்: இடம் மாறும், செத்தவர் வருவார், ஓடுவோம், பயப்படுவோம், நம்ப முடியாதது நடந்தாலும் அப்போது சந்தேகம் வராது.

காரணம் மூளையின் வேலைமுறையில் இருக்கிறது. ஆழ்தூக்கத்தில் கோடிக்கணக்கான நரம்பணுக்கள் ஒன்றாக அடங்கி ஒன்றாக எழுகின்றன, ஏறக்குறைய நொடிக்கு ஒரு தரம். இப்படி மொத்தமாக அடங்கி எழும்போது மூளையின் ஒரு பகுதி இன்னொன்றோடு தொடர்ச்சியாகப் பேச முடியாது. நீண்ட காட்சி கட்ட அந்தப் பேச்சு வேண்டும். ரெம் தூக்கத்தில் மூளை அலைகள் விழிப்பைப் போலவே இருக்கும். பார்வையோடு சேர்ந்த பகுதிகளும், பயம், பதற்றம் போன்ற உணர்ச்சிகளைக் கையாளும் அமிக்டலாவும் சுறுசுறுப்பாக இருக்கின்றன. “இது எப்படி நடக்கும்?” என்று சரிபார்க்கும் முன்மூளைப் பகுதி மட்டும் தணிந்து கிடக்கிறது. விழிப்பில் கவனத்தைக் கட்டிப்பிடித்து வைக்கும் நார்அட்ரினலின், செரட்டோனின் என்ற இரண்டு வேதிப்பொருள்களும் ரெம்மில் ஏறக்குறைய நின்றுவிடுகின்றன. அசிட்டைல்கோலின் ஓங்கி நிற்கிறது. நினைவுகள் ஒன்றையொன்று எளிதாகப் பற்றிக்கொள்கின்றன. தடுக்க ஆளில்லை.

இன்னொரு காரணத்தையும் சொல்ல வேண்டும். ஆழ்தூக்கத்திலிருந்து எழுப்பப்பட்டவர் சில நிமிடம் தூக்கக் கலக்கத்தில் இருப்பார். கண்டிருந்தாலும் அந்தக் கலக்கத்திலேயே பாதி மறந்துவிடும். அதனால் நாம் பார்க்கும் வித்தியாசத்தில் ஒரு பங்கு கனவுடையது, இன்னொரு பங்கு நினைவுடையது. சொன்ன விவரிப்பின் நீளத்தைச் சமன்செய்து ஒப்பிட்டால் வித்தியாசம் கணிசமாகக் குறைகிறது என்பதும் தெரிந்த விஷயம்தான்.

ஒரு உதாரணத்தோடு சொல்லுங்களேன். ஒரே இரவில் இது எப்படி இருக்கும்?

கடைமடையில், திருத்துறைப்பூண்டி பக்கம், ஒரு சம்பா விவசாயி என்று வைத்துக்கொள்வோம். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். இன்று ராத்திரி அவர் முறை. ஒன்பதரைக்குப் படுக்கிறார், பத்தே முக்காலுக்குப் போனில் அலாரம் வைத்திருக்கிறார்.

அலாரம் அடிக்கும்போது அவர் தூங்கி ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகிறது. ஆழ்தூக்கத்தின் நடுவில் இருப்பார். எழுந்ததும் சில நொடி எங்கே இருக்கிறோம் என்றே தெரியாது. மனசில் ஓடியதைக் கேட்டால், “மடையை அடைக்கணும், அடைக்கணும்னு இருந்துச்சு” என்பார். படம் இல்லை, ஆள் இல்லை, கதை இல்லை. வயலுக்குப் போய் மடை திறந்துவிட்டு வந்து மறுபடி படுக்கிறார்.

இரண்டரைக்குத் திரும்ப எழுந்து மடையைப் பார்க்க வேண்டும். இந்த முறை நடுத்தரத் தூக்கத்திலிருந்து விழிக்கிறார் என்று கொள்வோம். “பக்கத்து வயல்காரரோட வரப்புல நின்னு யூரியா விலையைப் பத்திப் பேசிக்கிட்டிருந்தேன்.” இது சிறிய காட்சி, ஆனால் நேற்று உண்மையில் நடந்திருக்கக்கூடியது. விசித்திரம் எதுவும் இல்லை.

ஐந்து மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி எழுப்புகிறது. இப்போது சொல்வது இப்படி: மன்னார்குடியில் ஒரு கல்யாண மண்டபம். மண்டபத்துக்குள்ளேயே வாய்க்கால் ஓடுகிறது. இறந்துபோன அப்பா பட்டுவேட்டி கட்டிக்கொண்டு, பந்தி வாழையிலையைச் சுருட்டி மடையை அடைக்கப் பார்க்கிறார், அடைபடவில்லை. இவருக்கு ஏதோ பரீட்சை, நேரமாகிவிட்டது. செருப்பைக் காணோம். நெஞ்சு படபடக்க விழிக்கிறார்.

இனி வாசிப்போம். முதல் இரண்டில் தேடுவதற்கு மறைபொருள் ஏதும் இல்லை. அன்றைய கவலையும் நேற்றைய பேச்சும் கிட்டத்தட்ட அப்படியே வந்திருக்கின்றன. ரெம் அல்லாத தூக்கத்தின் கனவுகளில் அண்மைச் சம்பவங்கள் அதிகம் அடையாளம் தெரியும்படி வருவது ஆய்வுகளிலும் கண்டதுதான். மடை என்பதற்கு மனத்தடை என்று பொருள் சொல்லக் கிளம்பினால் அது சொல்கிறவரின் கற்பனை.

மூன்றாவதை வேறு விதமாக அணுக வேண்டும். முதலில் உணர்ச்சி: நேரமாகிறது, கை போதவில்லை என்ற பதற்றம். கதை முழுக்க அது ஒன்றுதான் மாறாமல் இருக்கிறது. மண்டபம், பரீட்சை, செருப்பு எல்லாம் அதில் வந்து ஒட்டிக்கொண்டவை. அடுத்து, துண்டுகள் எங்கிருந்து வந்தன? வாய்க்கால் அன்றிரவே கிடைத்தது. கல்யாணம் எங்கிருந்து? விசாரித்தால், ஆறு நாளைக்கு முன் மன்னார்குடியில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போய்வந்திருக்கிறார். ரெம் கனவுகளில் முந்தின நாளின் விஷயங்களோடு, ஐந்து முதல் ஏழு நாளுக்கு முந்தைய விஷயங்களும் தலைகாட்டுவதை ஆய்வாளர்கள் பார்த்திருக்கிறார்கள். நடுத்தரத் தூக்கத்தின் கனவுகளில் இந்த ஒரு வார இடைவெளி தென்படவில்லை. ஆகவே விடியற்காலைக் கனவுக்கு நேற்றை மட்டும் துழாவினால் பாதிதான் கிடைக்கும்.

அப்பா வந்ததற்கு என்ன சொல்வது? முறைத் தண்ணீரும் மடையும் அப்பாவிடம் கற்ற தொழில், கல்யாண வீட்டில் அவர் இல்லாத குறை தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கலாம். இது ஊகம்தான். கனவு கண்டவர், “ஆமாம், மண்டபத்துல அப்பா ஞாபகம் வந்துச்சு” என்றால் வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். “அப்பாவுக்கு ஏதோ குறை, திவசத்தில் தப்பு” என்றோ, “கனவில் கல்யாணம் கண்டால் சாவு வரும்” என்றோ சொல்வதற்கு இந்தக் கனவில் எதுவும் இல்லை. ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கும் மனிதரை மேலும் பயமுறுத்துவது மட்டுமே மிஞ்சும்.

எனக்கு ஆய்வுக்கூட வசதி எதுவும் இல்லை. என் கனவு எந்த நிலையில் வந்தது என்று நானே எப்படிக் கண்டுபிடிப்பது?

உறுதியாகக் கண்டுபிடிக்க முடியாது. தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்தால்தான் தெரியும். ஓரளவு ஊகிக்கலாம். தூங்கி இரண்டு மணி நேரத்துக்குள் விழித்து, கலக்கமாக இருந்து, கையில் ஒரே ஒரு நினைப்புதான் மிஞ்சியது என்றால் ஆழ்தூக்கமாக இருக்கும். இரவின் கடைசி மூன்றில் ஒரு பங்கில் விழித்து, உடனே தெளிந்து, இடம் மாறும் நீண்ட கதை கையில் இருந்தால் ரெம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. விடியலை ஒட்டி வரும் நடுத்தரத் தூக்கத்தின் கனவுகளும் நீளமாக, விசித்திரமாக, ரெம் கனவைப் போலவே வரும். தேர்ந்தவர்களிடம் விவரிப்பை மட்டும் கொடுத்தாலும் தடுமாறுவார்கள். மேலே சொன்ன விவசாயியின் மூன்றாவது கனவுகூட அப்படியானதாக இருக்கலாம். அதனால் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்து நிலையை முடிவு செய்யாதீர்கள். நேரத்தையும் விழித்த விதத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

கைக்கடிகாரம் காட்டும் தூக்க வரைபடத்தைக் கேட்கிறவர்களுக்கு: அது நாடித் துடிப்பையும் அசைவையும் வைத்துக் கணிப்பது. மாதக் கணக்கில் எவ்வளவு தூங்குகிறோம் என்று பார்க்க உதவும், ஒரு குறிப்பிட்ட கனவு வந்த பத்து நிமிடத்தை அதை நம்பி முத்திரை குத்த முடியாது.

மார்கழி வந்தால் எனக்குக் கனவு அதிகமாகிறது. பனிக்கும் கனவுக்கும் சம்பந்தம் உண்டா?

நாலரை மணி ஒலிபெருக்கிக்கும் கனவுக்கும் சம்பந்தம் உண்டு. மற்ற மாதங்களில் ஆறு மணிக்குத் தானாக விழிக்கிறவர், ரெம் முடிந்து லேசான தூக்கத்துக்கு வந்து மெதுவாக எழுவார். அதற்குள் கனவு கரைந்துவிடும். மார்கழியில் பாட்டு நடு ரெம்மில் புகுந்து எழுப்புகிறது. கனவு கையோடு வருகிறது. பலருக்குப் பாட்டின் வரியே கனவுக்குள் நுழைந்துவிடுவதும் உண்டு. கனவின் எண்ணிக்கை கூடியதாகக் கொள்ள வேண்டாம், நாம் பிடிக்கும் எண்ணிக்கைதான் கூடியிருக்கிறது.

ஆறு வயசுப் பையன் தூங்கி ஒன்றரை மணி நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்து உட்காருகிறான். கண் திறந்திருக்கிறது, ஆனால் எங்களை அடையாளம் தெரியவில்லை. காலையில் கேட்டால் ஒன்றும் நினைவில்லை. என்ன கனவு காண்கிறான்?

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஆழ்தூக்கத்திலிருந்து பாதி மட்டும் விழிக்கும் நிலை, இரவு அலறல் என்பார்கள். உடம்பு விழித்துவிட்டது, மூளையின் பெரும்பகுதி இன்னும் தூங்குகிறது. உள்ளே கதை இருப்பது அபூர்வம். பெரியவர்களில் இது உள்ளவர்கள் சொல்வதுகூட, “சுவர் மேல விழுது” என்பது போன்ற ஒற்றைக் காட்சிதான். ஆகவே “எதைப் பார்த்துப் பயந்தாய்?” என்று காலையில் துருவ வேண்டாம். பிள்ளை நம்மைத் திருப்திப்படுத்த ஒரு பேய்க் கதையைச் செய்து கொடுப்பான், பிறகு அவனே அதை நம்புவான்.

அப்போது உலுக்கி எழுப்பாதீர்கள். கீழே விழாமல், இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். சில நிமிடங்களில் அடங்கிப் படுத்துவிடுவான். திருநீறு பூசுவதால் கெடுதல் இல்லை. தூக்கம் போதாத நாள், காய்ச்சல், திருவிழாவில் கண்விழித்த மறுநாள் இவற்றில் அதிகம் வரும்; சீக்கிரம் படுக்க வைத்தால் குறையும். வளர வளரப் பெரும்பாலும் நின்றுவிடும். கை கால் ஒரே தாளத்தில் வெட்டுவது, ஒரே இரவில் பல தரம் வருவது, பகலிலும் வருவது என்றால் வலிப்பாக இருக்கலாம். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

விடிகாலையில் அழுது எழுந்து, உங்களைக் கட்டிக்கொண்டு, “நாய் துரத்துச்சு” என்று சொல்கிற குழந்தை வேறு. அது ரெம் தூக்கத்தின் கெட்ட கனவு. அந்தக் குழந்தையிடம் பேசலாம், கதையைக் கேட்கலாம்.

2018 நவம்பர் 16, கஜா புயலன்று எங்கள் தென்னந்தோப்பு சாய்ந்தது. அந்த ராத்திரி அப்படியே இன்னும் கனவில் வருகிறது. இதையும் உணர்ச்சியின் கலவை என்று வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். சாதாரணக் கனவு ஒரு சம்பவத்தை அதே வரிசையில் மறுபடி காட்டுவது மிக அரிது. துண்டு துண்டாகத்தான் எடுக்கும். நடந்தது நடந்தபடியே, அதே சத்தத்தோடு, மாதக்கணக்கில் திரும்பி வருவது அதிர்ச்சியின் அடையாளம். இப்படிப்பட்டவை ரெம்மிலும் வரும், மற்ற நிலைகளிலும் வரும். எனவே இரவு நேரக் கணக்கு இங்கே உதவாது. இதில் குறியீடு தேடுவது உங்கள் துயரத்தைத் தட்டிக்கழிப்பதாகிவிடும்.

இதற்குப் பலன் தரும் ஒரு பயிற்சி இருக்கிறது. பகலில், விழித்திருக்கும்போது, அந்தக் கனவின் முடிவை நீங்கள் விரும்பியபடி மாற்றி எழுதுங்கள். காற்று அடங்கி, தோப்பில் கன்று நட்டு நிற்பதாக இருக்கலாம், எதுவாகவும் இருக்கலாம். அந்தப் புதிய வடிவத்தைத் தினமும் பத்து இருபது நிமிடம் மனசுக்குள் ஓட்டிப் பாருங்கள். சில வாரங்களில் பலருக்குக் கனவின் வேகம் குறைகிறது. பகலிலும் அந்தக் காட்சி வந்து வேலை கெடுகிறது, காற்றடித்தாலே நடுங்குகிறது என்றால் மனநல மருத்துவரோடு சேர்ந்து செய்வதே நல்லது.

கனவுக் குறிப்பேடு எழுத ஆசை. எப்படி எழுதினால் உருப்படியாக வாசிக்க முடியும்?

விழித்ததும் கண்ணைத் திறக்காமல் அசையாமல் கிடந்து, கடைசிக் காட்சியை முதலில் பிடியுங்கள். அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். எழுதும்போது முதல் வரியில் படுத்த நேரம், விழித்த நேரம், எது எழுப்பியது என்று குறியுங்கள். அடுத்த வரியில் உணர்ச்சி. அப்புறம்தான் கதை. வீட்டில் யாரிடமாவது சொல்வதற்கு முன்னாலேயே எழுதிவிடுங்கள். சொல்லும்போது இடைவெளிகளை நாம் அறியாமலே நிரப்பிவிடுவோம், பிறகு எது கண்டது, எது சேர்த்தது என்று பிரிக்க முடியாது. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, நேற்று நடந்தது, போன வாரம் நடந்தது என இரண்டையும் பகலில் நிரப்புங்கள்.

இன்னொன்று. காலையில் மட்டும் எழுதினால் உங்கள் நோட்டில் சேர்வது பெரும்பாலும் கடைசி ரெம்மின் கனவுகள்தான். “என் மனசு எப்போதும் பதற்றமாகவே இருக்கிறது” என்று அதை வைத்து முடிவு கட்டுவது தவறு. பதற்றம் மிகுந்த நேரத்தில் மட்டும் எடுத்த பதிவு அது. ராத்திரி வேறு காரணத்துக்காக எழுந்த அன்று மனசில் இருந்ததையும் ஒரு வரி எழுதி வையுங்கள்.

மது குடித்த இரவையும், மனச்சோர்வு மாத்திரை தொடங்கிய அல்லது நிறுத்திய நாளையும் தனியாகக் குறியுங்கள். மது இரவின் முன்பகுதியில் ரெம்மை அடக்கி, பின்பகுதியில் அதைப் பீறிட வைக்கும். அந்த மாத்திரைகளில் பலவும் ரெம்மைக் குறைக்கும். திடீரென்று விட்டால் பயங்கரக் கனவுகள் வரும். அந்தக் கனவுகளுக்கு மருந்துதான் காரணம், அர்த்தம் தேட வேண்டாம். மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம்.

தூக்கத்தில் மேலே ஏதோ உட்கார்ந்து அமுக்குகிறது, கத்தவும் முடியவில்லை. இது கனவா?

பாதி கனவு. ரெம் தூக்கத்தில் நாம் கனவை நடித்துவிடாதபடி கை கால் தசைகள் தளர்த்திக் கட்டப்பட்டிருக்கும். சில நேரம் மனம் விழித்த பிறகும் அந்தக் கட்டு அவிழத் தாமதமாகிறது. ரெம்மின் காட்சிகளும் மிச்சமிருக்கின்றன. நெஞ்சில் பாரம், அறையில் ஆள் இருப்பது போன்ற உணர்வு எல்லாம் அதனால்தான். மல்லாந்து படுப்பவர்களுக்கும், தூக்கம் கெட்ட நாட்களிலும் அதிகம். சில நொடியிலோ இரண்டொரு நிமிடத்திலோ தானாக விலகும்.

என் மாமனாருக்கு 65 வயது. விடிகாலையில் தூக்கத்திலேயே குத்துகிறார், உதைக்கிறார். எழுப்பினால், “யாரோ அடிக்க வந்தான்” என்கிறார். கனவுக்குப் பரிகாரம் செய்யலாமா?

இவருக்கு அந்தத் தசைக் கட்டு வேலை செய்யாமல் போயிருக்கலாம். ஐம்பது தாண்டிய ஆண்களிடம் இது அதிகம் காணப்படுகிறது. சிலருக்குச் சில மாத்திரைகளாலும் வரும். பலருக்குப் பின்னாளில் பார்க்கின்சன் போன்ற நரம்பு நோய் வருவதற்கு ஆண்டுகள் முன்பே தோன்றும் அறிகுறியாகவும் இது இருக்கிறது. கனவில் யார் அடிக்க வந்தான் என்பதை விட்டுவிட்டு, அவரை நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். அதுவரை கட்டிலைத் தவிர்த்துத் தரையில் மெத்தை போட்டுப் படுக்கச் சொல்லுங்கள், அத்தை தனியாகப் படுக்கட்டும், பக்கத்தில் கண்ணாடிச் சாமானோ அரிவாளோ இருக்க வேண்டாம்.